கட்டட ஒப்பந்தத்தின் காசுப் பாய்ச்சல்: கட்டக் கொடுப்பனவும் பிடித்துவைப்புப் பணமும்

கிராம அபிவிருத்திச் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ ஒரு கட்டடத்தை ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்கும்போது, பாதீட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: கட்டட வேலை, 120 இலட்சம் ரூபாய். கணக்குப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர் அந்தத் தொகையை வேலை நடக்கும் மாதங்களால் வகுத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிடுகிறார். ஆனால் ஒப்பந்தகாரருக்குப் பணம் மாதக்கணக்கில் போவதில்லை. தொடக்கத்தில் முற்பணமாக ஒரு தொகை போகும். பிறகு ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதன் பெறுமதியிலிருந்து சில கழிவுகள் நீங்கி மீதி போகும். கட்டடம் திறந்து ஒரு வருடம் கழிந்த பின்னர் கடைசித் துண்டு ஒன்று போகும். இவை ஒவ்வொன்றும் வங்கியை விட்டு வெளியேறும் மாதத்தையும் தொகையையும் காட்டுவதே காசுப் பாய்ச்சல் தாள். அதை எப்படித் தயாரிப்பது என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்து இங்கே பார்ப்போம்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் நன்கொடை நிதியில் பொதுநோக்கு மண்டபம் ஒன்றைக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த விலை 120 இலட்சம். மாரி ஓய்ந்த பின்னர் பெப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மார்ச்சில் வேலை தொடங்கி, நவம்பர் முடிவில் கட்டடம் கையளிக்கப்பட வேண்டும். நன்கொடையாளரின் திட்டம் டிசம்பர் 31 இல் முடிகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, இந்த ஒப்பந்தகாரர் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாதவர் என்று கொள்கிறேன். பதிவு செய்தவராக இருந்தால் ஒவ்வொரு பில்லிலும் வரி தனி நிரலாக வரவேண்டும்.

முதலில் ஒப்பந்தத்தைத் திறந்து வையுங்கள்

தாளில் ஓர் எண்ணைக்கூட எழுதுவதற்கு முன்னர் ஒப்பந்தத்திலிருந்து சில நிபந்தனைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முற்பணம் எவ்வளவு, அது எந்த வீதத்தில் திரும்பக் கழிக்கப்படும், குறைகளுக்குப் பாதுகாப்பாகச் சங்கம் கொடுக்காமல் நிறுத்தும் பிடித்துவைப்பு ஒவ்வொரு பில்லிலும் எத்தனை வீதம், அதற்கு உச்ச எல்லை உண்டா, அது எப்போது விடுவிக்கப்படும், பில் வந்து எத்தனை நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பவையே அவை.

நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஆவணங்களைத் தழுவிய ஒப்பந்தங்களில் பரவலாகக் காணப்படும் ஒழுங்கு இது: ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடிக்கப்படும், பிடித்த மொத்தம் ஒப்பந்த விலையின் 5 வீதத்தை எட்டியதும் பிடிப்பது நிற்கும், கையளிப்பின்போது பாதியும், கட்டடத்தில் தெரியும் குறைகளை ஒப்பந்தகாரரே திருத்த வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் மறுபாதியும் விடுவிக்கப்படும். நமது ஒப்பந்தமும் அப்படியே. குறைபாட்டுக் காலம் 365 நாள். முற்பணம் 20 வீதம், அதாவது 24 இலட்சம். அதற்கு ஒப்பந்தகாரர் வங்கி உத்தரவாதம் தருகிறார். ஒவ்வொரு பில்லிலும் வேலைப் பெறுமதியின் 25 வீதத்தைக் கழித்து அந்த முற்பணம் மீளப் பெறப்படும். பில் கொடுத்து 28 நாளுக்குள் கொடுப்பனவு.

வன்னியில் வேலை எடுக்கும் சிறிய ஒப்பந்தகாரர்கள் பலருக்கு வங்கி உத்தரவாதம் எடுப்பது சிரமம், ஏனெனில் வங்கி அதற்கு வைப்புப் பணத்தையோ சொத்தையோ பிணையாகக் கேட்கும். உத்தரவாதம் இல்லையென்றால் முற்பணமும் இல்லை என்பதில் சங்கம் தளரக்கூடாது. “ஆள் தெரிந்தவர்தானே” என்று 24 இலட்சத்தை வெறும் கடிதத்துக்குக் கொடுத்தால், அந்தப் பணத்துக்கு எதிராகச் சங்கத்தின் கையில் இருப்பது ஒரு கையெழுத்து மட்டுமே. உத்தரவாதம் எந்தத் திகதியில் காலாவதியாகிறது என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். முற்பணம் முழுவதும் கழிந்து முடியும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும்.

கட்டங்களைப் பிரிக்கும் இடத்தில்தான் பணம் தவறுகிறது

அளவுப் பட்டியலில், அதாவது எல்லோரும் பீஓகியூ என்று சொல்லும் ஆவணத்தில், ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் இருக்கும். அவற்றைக் கூட்டிப் பார்த்துத்தான் கட்டங்களின் வீதத்தை நிர்ணயிக்க வேண்டும். நமது மண்டபத்தில் அந்தக் கூட்டல் இப்படி வருகிறது: அத்திவாரம், ஈரம் மேலேறாமல் தடுக்கும் டி.பி.சி. படையின் மட்டம் வரை 20 வீதம். சுவர், லின்டல், றிங் பீம் 25 வீதம். கூரை 25 வீதம். பூச்சு, நிலம், கதவு யன்னல் 20 வீதம். வர்ணம், மின்சாரம், மலசலகூடம், வளவு ஒழுங்குபடுத்தல் 10 வீதம்.

ஒப்பந்தகாரர் இதை வேறுவிதமாகக் கேட்பார். அத்திவாரத்துக்கு 30 வீதம் கேட்பது வழமை. அவர் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு: கருங்கல்லும் கிறவலும் தொடக்கத்திலேயே ஏற்றி இறக்க வேண்டும், மணலுக்கு அனுமதிப்பத்திரம் எடுத்துக் காத்திருக்க வேண்டும், ஹாட்வெயார் கடையில் சீமெந்துக்கும் கம்பிக்கும் கடன் ஏறும், மேசன்மாருக்குக் கிழமைக் கூலி நிற்காது. ஆனால் இந்த நெருக்கடிக்காகத்தான் முற்பணம் இருக்கிறது. அதற்குமேல் கட்டத்தின் வீதத்தையும் கூட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அத்திவாரத்தின் உண்மையான பெறுமதி 24 இலட்சம். 30 வீதமென்றால் பில் 36 இலட்சம். அந்தக் கட்டத்தோடு ஒப்பந்தகாரர் வேலையை விட்டுவிட்டுப் போனால், முற்பணத்தின் மீதியை வங்கி உத்தரவாதத்தால் மீட்கலாம். வேலையின் பெறுமதிக்கு மேலாக ஏற்றுக்கொண்ட 12 இலட்சத்துக்கு எதிராகச் சங்கத்திடம் இருப்பது அந்தப் பில்லில் பிடித்த 3 இலட்சத்து 60 ஆயிரம் மட்டுமே. பிடித்துவைப்புப் பணம் சிறிய குறைகளைத் திருத்துவிப்பதற்கு ஏற்ற அளவுடையது. முன்பாரம் ஏற்றிய கட்டங்களின் ஆபத்தை அது ஒருபோதும் தாங்காது. ஆகையால் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால், கட்டத்தின் வீதத்தைத் தொடாமல், ஒரு பெரிய கட்டத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். சுவர்க் கட்டத்தை லின்டல் மட்டத்தில் ஒன்றாகவும் றிங் பீமில் ஒன்றாகவும் பிரித்தால், ஒப்பந்தகாரருக்குப் பணம் முந்தி வரும். சங்கமும் செய்த வேலைக்கே பணம் கொடுக்கும்.

கட்டம் எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பதைக் கண்ணால் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லத்தக்கதாக எழுத வேண்டும். “கூரை வேலை முடிந்ததும்” என்று மட்டும் எழுதியிருந்தால், ஓடு பரப்பிய அன்றே பில் வரும். தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து ஏணி வைத்து ஏறிப் பார்க்கும்போது முகட்டு ஓடு சாந்தில் பதியாமல் வெறுமனே அடுக்கியிருக்கும், பீலி இன்னும் நிலத்தில் கிடக்கும். அவரால் 30 இலட்சத்துக்குச் சான்று கொடுக்கவும் முடியாது, முழுவதையும் மறுக்கவும் மனம் வராது. பாதிக்குச் சான்று எழுதுவார். அத்துடன் தாளில் இருந்த ஒரு கொடுப்பனவு இரண்டாகி, இரண்டாவது எந்த மாதம் வரும் என்று தெரியாமல் போகும். “மரவேலை முடிந்து, ஓடு பரப்பி, முகட்டு ஓட்டைச் சாந்தில் பதித்து, பீலியும் இறக்குக் குழாயும் பூட்டி முடிந்ததும்” என்று எழுதினால் இந்தச் சச்சரவு எழாது. அதேபோல், மணலும் கம்பியும் வளவில் இறங்கிவிட்டன என்பதற்காகப் பணம் கேட்டால், ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பில்லையும் காசாக மாற்றுதல்

இனித் தாளைத் திறக்கலாம். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரி. அதில் வேலைப் பெறுமதி, பிடித்துவைப்பு, முற்பணக் கழிவு, கொடுக்கும் காசு என்று நான்கு நிரல்கள் போதும். பெறுமதி C நிரலிலும், பிடித்துவைப்பு D யிலும், முற்பணக் கழிவு E யிலும், கொடுக்கும் காசு F இலும், தலைப்புகள் 4 ஆம் வரியிலும், முதலாவது பில் 5 ஆம் வரியிலும் இருப்பதாகக் கொண்டால் சூத்திரங்கள் இவை:

```
D5: =MIN(C5*10%, 600000-SUM(D$4:D4))
E5: =MIN(C5*25%, 2400000-SUM(E$4:E4))
F5: =C5-D5-E5
```

இவற்றை 9 ஆம் வரிவரை கீழே இழுத்தால் ஐந்து பில்களும் நிரம்பிவிடும். சூத்திரத்தில் உள்ள MIN என்பதே இங்கு முக்கியம். எல்லையைக் கவனிக்காமல் கடைசிப் பில்வரை 10 வீதம் பிடித்துக்கொண்டே போவது புதியவர்களின் தாளில் அடிக்கடி காணப்படும் பிழை. அப்படிச் செய்தால் நமது மண்டபத்தில் 6 இலட்சத்துக்குப் பதிலாக 12 இலட்சம் பிடிபட்டிருக்கும். ஒப்பந்தகாரர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால் கூரைப் பில்லிலேயே கடிதம் எழுதுவார்.

கூரைப் பில்லைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெறுமதி 30 இலட்சம். அதில் 10 வீதம் 3 இலட்சம். ஆனால் முதல் இரண்டு பில்களிலும் 2 இலட்சத்து 40 ஆயிரமும் 3 இலட்சமுமாக 5 இலட்சத்து 40 ஆயிரம் ஏற்கெனவே பிடித்தாயிற்று. எல்லை 6 இலட்சம் என்பதால் இந்தப் பில்லில் 60 ஆயிரம் மட்டுமே பிடிக்கலாம். முற்பணக் கழிவு 25 வீதம், அதாவது 7 இலட்சத்து 50 ஆயிரம். இரண்டையும் நீக்கினால் கொடுக்க வேண்டியது 21 இலட்சத்து 90 ஆயிரம். அடுத்த பில்லில் பிடித்துவைப்பே இராது. முற்பணத்திலும் 3 இலட்சம் மட்டுமே மீதி. முழுத் தாளும் இலட்சம் ரூபாயில் இப்படி வரும்:

| காசு போகும் மாதம் | விடயம் | வேலைப் பெறுமதி | பிடித்துவைப்பு | முற்பணக் கழிவு | கொடுக்கும் காசு |
|---|---|---|---|---|---|
| மார்ச் | முற்பணம் | – | – | – | 24.0 |
| மே | அத்திவாரம் | 24.0 | 2.4 | 6.0 | 15.6 |
| யூலை | சுவர், றிங் பீம் | 30.0 | 3.0 | 7.5 | 19.5 |
| செப்டெம்பர் | கூரை | 30.0 | 0.6 | 7.5 | 21.9 |
| நவம்பர் | பூச்சு, நிலம், கதவு | 24.0 | 0 | 3.0 | 21.0 |
| டிசம்பர் | இறுதி வேலை | 12.0 | 3.0 விடுவிப்பு | 0 | 15.0 |
| அடுத்த டிசம்பர் | பிடித்துவைப்பின் மறுபாதி | – | 3.0 விடுவிப்பு | – | 3.0 |

பெறுமதி நிரலின் கூட்டலும் கடைசி நிரலின் கூட்டலும் தனித்தனியே 120 ஆக வரவேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் முற்பணத்தை இரண்டு தரம் எண்ணியிருப்பீர்கள், அல்லது அடுத்த வருடத்துக் கடைசி வரியை மறந்திருப்பீர்கள். வருடத்துக்கு ஒரு தாள் என்று வேலை செய்பவர்களிடம் அந்த வரி மிக எளிதாகக் காணாமற்போகும். பன்னிரண்டு மாத நிரல்களுக்கு வெளியே அது நிற்பதுதான் காரணம்.

வேலை முடிந்த மாதம் வேறு, காசு போகும் மாதம் வேறு

மேலுள்ள அட்டவணையில் அத்திவாரம் மே மாதத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேலை ஏப்ரல் முடிவில் முடிகிறது. பில் வந்து, தொழினுட்ப உத்தியோகத்தர் அளவெடுத்து, சான்று எழுதி, சங்கத்தில் காசோலைக்குக் கையெழுத்துப் போடும் இருவரும் ஊரில் இருக்கும் நாள் பார்த்துக் காசு போவதற்கு நான்கு கிழமை ஆகிவிடும். உத்தியோகத்தருக்குப் பல கிராமங்கள் பொறுப்பில் இருப்பதால், அளவெடுப்பதற்கான நாளை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ஆகவே, ஒவ்வொரு கட்டத்தையும் வேலை முடியும் மாதத்துக்கு அடுத்த மாதத்தில் வையுங்கள். இறுதி வேலையும் அவ்வாறே: நவம்பர் முடிவில் கையளிப்பு, டிசம்பரில் காசு.

இந்தத் தாமதம் சங்கத்துக்கு வசதிதானே என்று நினைத்து 28 நாளையும் தாண்டி இழுக்கக்கூடாது. சிறிய ஒப்பந்தகாரரிடம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் வேலை இருக்கும். எந்த இடத்தில் காசு ஓடுகிறதோ அங்கேதான் மேசன்மாரும் நிற்பார்கள். பணம் பிந்தினால் உங்கள் வளவில் சாரம் மட்டும் நிற்கும். அதன் விளைவு அடுத்த கட்டத்தின் மாதத்தில் தெரியும்.

வரவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

செலவு மட்டும் உள்ள தாள் பாதித் தாள்தான். நமது நன்கொடையாளர் 40 வீதத்தை மார்ச்சிலும், 40 வீதத்தைச் சுவர் வேலை முடிந்த அறிக்கையின் பேரில் யூலையிலும், மீதி 20 வீதத்தைக் கட்டடம் முடிந்த அறிக்கை கிடைத்த பின்னரும் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இலட்சத்தில் சொன்னால் 48, 48, 24.

மார்ச்சில் 48 வந்து 24 போனால் மீதி 24. மே மாதத்தில் 15.6 போக மீதி 8.4. யூலையில் 19.5 வேண்டும், இரண்டாம் தவணை அதற்குள் வந்துவிட்டால் 36.9 மிஞ்சும், ஒரு கிழமை பிந்தினாலும் 11.1 குறையும். செப்டெம்பரில் 21.9 போக மீதி 15. நவம்பரில் 21 கொடுக்க வேண்டும்; கையில் இருப்பதோ 15. ஆறு இலட்சம் குறைகிறது. மூன்றாம் தவணையோ கட்டடம் முடிந்த பின்னர்தான்.

நவம்பர் பள்ளத்தை நேரத்தோடு காண்பதற்காகத்தான் இந்தத் தாளே. அதுவரை செலுத்த வேண்டிய மொத்தம் 102 இலட்சம், வந்த மொத்தம் 96 இலட்சம். இதில் ஒரு நுட்பமும் உண்டு. பிடித்துவைப்பு என்ற ஒழுங்கு இல்லாதிருந்தால் பள்ளம் 12 இலட்சமாக இருந்திருக்கும். ஒப்பந்தகாரருக்கு உரிய 6 இலட்சம் இப்போது சங்கத்தின் கையில் நின்று பள்ளத்தின் பாதியை மூடியிருக்கிறது. அதாவது, பிடித்துவைத்த பணம் வங்கியில் தனியாக இருக்கிறது என்று சங்கத்தினர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது மற்றப் பில்களுக்குள் செலவாகிவிட்டது. செப்டெம்பரில் 15 இலட்சம் இருப்பைப் பார்த்து, மேலதிகமாக ஒரு மேடையோ சுற்றுமதிலோ கட்டலாம் என்று கூட்டத்தில் யாராவது யோசனை சொன்னால், அந்த இருப்பு முழுவதற்கும், அதற்கு மேலும், உரியவர் இருக்கிறார் என்று காட்டுவதற்குப் பொருளாளரிடம் இந்தத் தாள் இருக்க வேண்டும்.

பள்ளத்தை மூடுவதற்கு ஏற்ற காலம் நவம்பர் அல்ல, ஒப்பந்தம் கையெழுத்தாகும் பெப்ரவரி. நன்கொடையாளரிடம் தாளைக் காட்டி, தவணைகளை 40, 50, 10 என்று மாற்றித் தரும்படி கேட்கலாம். அப்போது யூலையில் 60 இலட்சம் வரும். நவம்பர்க் கொடுப்பனவுக்குப் பின்னர் குறைவதற்குப் பதிலாக 6 இலட்சம் மிஞ்சும். டிசம்பரில் 15 இலட்சம் கொடுப்பதற்கு மூன்றாம் தவணையான 12 இலட்சம் அதற்கு முன்னர் வந்தாக வேண்டும்; வந்தால் கடைசியில் மிஞ்சுவது சரியாக 3 இலட்சம், அடுத்த வருடத்துக்கு உரிய பிடித்துவைப்பின் மறுபாதி. நன்கொடையாளர் மாற்ற மறுத்தால், பூச்சுக் கட்டத்தைப் பிரித்து, கதவு யன்னலின் பெறுமதியை இறுதிக் கட்டத்தோடு சேர்க்கும்படி ஒப்பந்தகாரரிடம் கேட்கலாம். அதற்கு அவர் விலையைக் கொஞ்சம் கூட்டக்கூடும். என் அனுபவத்தில், காரணத்தை எண்ணோடு காட்டும் கடிதத்துக்கு நன்கொடையாளர்கள் இணங்குவதுண்டு; “பணம் போதாமல் இருக்கிறது” என்று பொதுப்படையாக எழுதும் கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

மாரி குறுக்கிட்டால் என்ன ஆகும்

வன்னியில் இந்தத் தாளைக் குழப்பும் முதற்காரணம் மழை. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி, நவம்பர், டிசம்பரில் ஓங்கி அடிக்கும். கூரை ஏறிய கட்டடத்துக்குள் பூச்சு வேலை மழையிலும் நடக்கும். கூரை ஏறாத கட்டடத்தில் எதுவும் நடக்காது. ஏ9 வீதியை விட்டு உள்ளே போகும் கிறவல் பாதையில் பாரமான வாகனம் புதையும். குளங்கள் வான் பாயும் நாட்களில் சில ஊர்களுக்குச் சல்லிக்கல்லே போகாது. பெப்ரவரி, மார்ச்சில் காலபோக நெல் வெட்டுக்கு ஆட்கள் போய்விடுவதால் கூலியாள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, தாளின் இரண்டாவது பிரதி ஒன்றை, கூரை இரண்டு மாதம் பிந்தினால் என்ற கணக்கோடு இப்போதே தயாரித்து வையுங்கள். கூரை ஓகஸ்ட் முடிவில் முடிவதற்குப் பதிலாக ஒக்டோபர் முடிவில் முடிந்தால் அதன் காசு நவம்பரில் போகும். பூச்சுக்கான 21 இலட்சம் சனவரிக்கும், இறுதி 15 இலட்சம் பெப்ரவரிக்கும் தள்ளிப்போகும். நன்கொடைத் திட்டமோ டிசம்பர் 31 இல் மூடப்படுகிறது. அப்படியானால் பிடித்துவைப்பின் மறுபாதியையும் சேர்த்து 39 இலட்சம் ரூபாய்க் கொடுப்பனவு திட்டத் திகதிக்கு வெளியே விழுகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. குறைபாட்டுக் காலமும் கையளிப்பிலிருந்தே எண்ணப்படுவதால் கடைசி வரியும் இரண்டு மாதம் பிந்தி, அதற்கடுத்த வருடத்துப் பெப்ரவரிக்குப் போகும். முற்பண உத்தரவாதம் டிசம்பருடன் காலாவதியாகிறதென்றால், சனவரிப் பில்லில் கழிக்க இருக்கும் 3 இலட்சம் பாதுகாப்பின்றி நிற்கும். அதற்கு முன்னரே உத்தரவாதத்தை நீடிக்கும்படி ஒப்பந்தகாரரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

இதை முன்கூட்டியே அறிவதற்கு ஓர் அடையாளம் போதும். யூலை முடியும்போது றிங் பீம் கொங்கிறீற் போட்டு, பலகை கழற்றி, கூரை மரம் வளவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் இரண்டாவது பிரதியை எடுங்கள். திட்டக் காலத்தை நீடிக்கும் கோரிக்கையை ஓகஸ்டிலேயே அனுப்புங்கள். டிசம்பரில் அனுப்பும் கோரிக்கையை வாசிப்பதற்கு நன்கொடையாளரின் அலுவலகத்தில் ஆளே இராது.

கடைசி மூன்று இலட்சம்

வேலை குறித்த காலத்தில் முடிந்தாலும் பிடித்துவைப்பின் மறுபாதி திட்டம் மூடப்பட்டு ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துத்தான் வரும். நன்கொடையாளர் காசு வெளியேறிய செலவை மட்டும் ஏற்பவராக இருந்தால், இறுதி அறிக்கையில் 117 இலட்சம்தான் செலவாகக் காட்டலாம். மீதி 3 இலட்சத்தைத் திருப்பி அனுப்பும்படி கேட்பார். பிறகு ஒப்பந்தகாரருக்குச் சங்கம் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டி வரும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒப்பந்தகாரரிடமிருந்து 3 இலட்சத்துக்குப் பிடித்துவைப்பு உத்தரவாதம் ஒன்றை வங்கிமூலம் பெற்றுக்கொண்டு, டிசம்பரிலேயே முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவது; ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்க வேண்டும், உத்தரவாதம் குறைபாட்டுக் காலம் முடிந்து சில கிழமை தாண்டியும் செல்லுபடியாக வேண்டும். மற்றது, கொடுக்கப்பட வேண்டிய கடப்பாடாக அதை ஏற்று, சங்கத்தின் தனிக் கணக்கொன்றில் வைத்திருக்க நன்கொடையாளரின் எழுத்து மூல ஒப்புதலைப் பெறுவது. முதலாவது வழி கணக்குக்குச் சுத்தமானது. இருந்தாலும், உத்தரவாதத்துக்கு வங்கி கேட்கும் பிணையை வைக்க முடியாத ஒப்பந்தகாரரிடம் இரண்டாவதையே நான் சொல்வேன். அரசாங்க நிதியில் நடக்கும் வேலையென்றால் பிடித்த பணம் அலுவலகத்தின் வைப்புக் கணக்குக்குப் போய்விடுவதால் இந்தச் சிக்கல் சங்கத்துக்கு வராது.

அந்த ஒரு வருடத்தில் கட்டடம் ஒரு கோடையையும் ஒரு மாரியின் தொடக்கத்தையும் காணும். கோடையில் நிலம் காய்ந்து வெடிக்கும் இடங்களில், குறிப்பாக முருங்கன் பக்கத்துக் கருங்களிமண்ணில், அத்திவாரத்துக்கு மேலே சுவரில் மூலைவாட்டாக வெடிப்பு ஓடும். முதல் மழையில் முகட்டடியிலும் பீலி மூட்டிலும் ஒழுகும். ஆகையால் கையளித்த பதினோராம் மாதத்தில், மழை தொடங்கிய பின்னர், தொழினுட்ப உத்தியோகத்தரோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, குறைகளை எழுதி, திகதியிட்டு, ஒப்பந்தகாரருக்கு அனுப்ப வேண்டும். காலம் முடிந்த பிறகு எழுதும் பட்டியலை அவர் ஏற்க வேண்டியதில்லை. எழுதியும் அவர் வராவிட்டால், ஒப்பந்தத்தில் சொன்ன அறிவித்தல் காலம் கழிந்த பின்னர் வேறொருவரைக் கொண்டு திருத்தலாம். அதற்கு 85 ஆயிரம் செலவானால், தாளின் கடைசி வரி இரண்டாகப் பிரியும்: திருத்தியவருக்கு 85 ஆயிரம், ஒப்பந்தகாரருக்கு 2 இலட்சத்து 15 ஆயிரம். மொத்தம் மாறாது. திருத்தச் செலவின் பற்றுச்சீட்டும் குறைப் பட்டியலின் பிரதியும் ஒப்பந்தக் கோப்பிலேயே இருக்க வேண்டும்.

இதற்கிடையில் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் வந்து நிர்வாகம் மாறியிருக்கும். புதிய பொருளாளர் வங்கிப் புத்தகத்தில் 3 இலட்சத்தைப் பார்ப்பார். அது யாருடையது என்று புத்தகம் சொல்லாது. ஆகவே, கூட்டத்தில் வாசிக்கும் கணக்கறிக்கையில் அதைச் சங்கத்தின் இருப்புக்குள் சேர்க்காமல், “ஒப்பந்தகாரருக்குக் கொடுக்க வேண்டியது” என்ற தலைப்பில், விடுவிக்க வேண்டிய திகதியோடு தனியாகக் காட்டி, காசுப் பாய்ச்சல் தாளின் கடைசிப் பக்கத்தையும் கையளிப்புச் சான்றிதழின் பிரதியையும் புதிய பொருளாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும்.